களப்பணிக்கு நேரமில்லாத முதுகலை மாணவிக்கு எந்த ரிவ்யூ தலைப்பு பொருந்தும்?

வைகைக்கரை | 3 ஜூன் 2025

தனியார் மருத்துவமனையில் ஷிஃப்ட் பணி பார்த்துக்கொண்டே பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறேன். டிசம்பர் இறுதிக்குள் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, கிராமங்களுக்குச் சென்று, வினாப்பட்டியல் நிரப்பித் திரும்புவதற்கு எனக்கு விடுப்பும் இல்லை, காலமும் இல்லை. வெளிவந்த ஆய்வுகளை முறையாகத் திரட்டி எழுதும் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ செய்தால் ஏற்றுக்கொள்வதாக நெறியாளர் சொல்லிவிட்டார். நான் எழுதிக் கொடுத்திருக்கும் தலைப்பு: "இந்தியாவில் கர்ப்பிணிகளின் இரத்தசோகை: காரணங்களும் தீர்வுகளும்." இதை இப்படியே எடுத்துக்கொண்டு போகலாமா, குறுக்க வேண்டுமா? குறுக்குவதென்றால் எந்தப் பக்கம் குறுக்குவது?

பழைய நூலகர் | 3 ஜூன் 2025

மருத்துவக் கல்லூரி நூலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இத்தகைய தலைப்போடு வந்த மாணவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

இதற்குள் குறைந்தது நான்கு ரிவ்யூக்கள் இருக்கின்றன. எத்தனை பேருக்கு இரத்தசோகை என்பது ஒன்று. எதனால் வருகிறது என்பது ஒன்று. எந்த மருந்து பயன் தருகிறது என்பது ஒன்று. கொடுத்த மருந்தை ஏன் சாப்பிடுவதில்லை என்பது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் வேறு வகை ஆய்வுகள், வேறு தரச் சோதனை. நான்கையும் ஒருவர் ஆறு மாதத்தில் முடிக்க முடியாது.

மருந்தின் பயன் பற்றிய பகுதியை இப்போதே விட்டுவிடுங்கள். கர்ப்ப காலத்தில் தினமும் இரும்புச்சத்து கொடுப்பதைப் பற்றிக் காக்ரேன் ரிவ்யூ ஏற்கெனவே உண்டு, அது புதுப்பிக்கப்பட்டும் வருகிறது. நரம்பு வழி இரும்புச்சத்தையும் மாத்திரையையும் ஒப்பிடும் ரிவ்யூக்களும் நிறைய வந்துவிட்டன.

தலைப்புக்கு முன்னால் ஒரு வேலை. உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டு விதிமுறையை அச்சில் படியுங்கள். நெறியாளர் ஒப்புக்கொண்டாலும், "முதல்நிலைத் தரவு" கட்டாயம் என்று விதியில் இருந்தால் தேர்வாளர் திருப்பி அனுப்புவார். நெறிமுறைக் குழு விஷயத்தில் அவ்வளவு கவலை வேண்டாம். பொதுவெளியில் உள்ள தரவைக் கொண்டு செய்யும் ரிவ்யூக்களுக்கு விலக்கு அளிக்கலாம் என்று ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறை வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் விலக்கு என்று முடிவு செய்ய வேண்டியது குழுதான், நீங்கள் அல்ல. ஆகவே ஒரு பக்க விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

பிறகு சொல்லுங்கள்: வார்டில் உங்களை உறுத்துவது இந்த நான்கில் எது?

எண்கணக்கு | 4 ஜூன் 2025

உயிர்ப்புள்ளியியல் கற்பிக்கிறேன். இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. எந்தக் கேள்விக்கு அதிகக் கட்டுரைகள் இருக்கின்றனவோ அதை எடுங்கள். "இந்தியக் கர்ப்பிணிகளில் இரத்தசோகையின் பரவல்" என்று வைத்தால் கட்டுரைகளுக்குப் பஞ்சமே இராது. ஒவ்வொன்றிலும் ஒரு சதவீதம் இருக்கும், அவற்றை ஒரே எண்ணாகத் தொகுக்கும் மெட்டா அனாலிசிஸ் செய்தால், ஃபாரஸ்ட் பிளாட் என்ற வரைபடத்தோடு ஆய்வேடு முடிந்துவிடும். மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

வைகைக்கரை | 4 ஜூன் 2025

விதிமுறையைப் பார்த்தேன். "முதல்நிலை அல்லது இரண்டாம்நிலைத் தரவு" என்றே இருக்கிறது. விலக்குக்கான விண்ணப்பத்தையும் எழுதத் தொடங்கிவிட்டேன்.

என்னை உறுத்துவதைச் சொல்கிறேன். பிரசவத்துக்கு வரும் பெண்களிடம் "மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் ஆமாம் என்கிறார்கள். ஹீமோகுளோபின் ஏழிலும் எட்டிலும் நிற்கிறது. பையைத் திறந்து பார்த்தால் பிரிக்காத அட்டைகள் இருக்கின்றன. ஆகவே நூலகர் ஐயா சொன்ன நான்காவது கேள்விதான் எனக்கு நெருக்கமானது. பெண்கள் உண்மையில் எத்தனை மாத்திரை சாப்பிடுகிறார்கள், எதைச் செய்தால் அது கூடும் என்று பார்க்க விரும்புகிறேன்.

களத்துமேடு | 5 ஜூன் 2025

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிராம சுகாதார செவிலியராக இருந்து, இப்போது பகுதி மேற்பார்வையில் இருக்கிறேன். தங்கைக்கு உதவ முடியும். எங்கள் துணை சுகாதார நிலையங்களில் பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண்ணோடு ஒவ்வொரு தாய்க்கும் எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்ற பதிவு இருக்கிறது. வட்டார மருத்துவ அலுவலரிடம் கடிதம் வாங்கி வந்தால் ஒரு நாளில் பார்த்துவிடலாம். நேரில் வந்து நான்கு தாய்மார்களிடம் பேசினாலே, குமட்டல், மலம் கறுப்பாகப் போவது, குழந்தை பெரிதாகிப் பிரசவம் கஷ்டமாகிவிடும் என்ற மாமியாரின் பயம் என்று எல்லாக் காரணமும் தெரிந்துவிடும்.

பழைய நூலகர் | 5 ஜூன் 2025

அம்மா, நீங்கள் சொல்வது களஆய்வு. அவருக்கு அதற்கு அனுமதியும் நேரமும் இல்லை. வெளிவந்துவிட்ட ஆய்வுகளைத் திரட்டி, தரம் பார்த்து, ஒன்றாக வைத்துச் சொல்வதே அவர் செய்யப்போகும் வேலை. இருந்தாலும் நீங்கள் இந்த இழையில் இருங்கள்; மாத்திரை விஷயத்தில் எங்கள் யாரையும்விட உங்களுக்கே கூடுதலாகத் தெரியும்.

பழைய நூலகர் | 6 ஜூன் 2025

இனி வைகைக்கரைக்கு. தலைப்பை உறுதி செய்யும் முன் சோதனைத் தேடல் ஒன்று நடத்துங்கள். அதன் நோக்கம் கட்டுரைகளைச் சேகரிப்பதல்ல. தலைப்பு தாங்குமா என்று பார்ப்பது. பப்மெட்டில் இதை அப்படியே இடுங்கள்:

```
("Medication Adherence"[Mesh] OR adherence[tiab]
 OR compliance[tiab] OR consumption[tiab])
AND (iron[tiab] OR IFA[tiab])
AND (pregnan*[tiab] OR antenatal[tiab])
AND (India[Mesh] OR India*[tiab])
```

`consumption` என்ற சொல்லை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். தேசியக் குடும்பநல ஆய்வின் தரவை வைத்து எழுதுகிறவர்களில் பலர் அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறார்கள். கட்டுரைகளுக்குப் பொருள்வாரியாக இடப்படும் மெஷ் சொற்களை மட்டும் நம்பித் தேடக் கூடாது. நமது சமூக மருத்துவ இதழ்களில் பல, பப்மெட் சென்ட்ரலில் முழுக் கட்டுரையாக இருந்தாலும் மெட்லைனில் சேராததால் மெஷ் குறியீடு பெறாமலே கிடக்கின்றன. சுருக்கத்தில் "இந்தியா" என்று எழுதாமல் புதுச்சேரி என்றோ பெலகாவி என்றோ மட்டும் எழுதியிருக்கும் கட்டுரைகள் இந்தத் தேடலில் தப்பிவிடும். பிறகு மாநிலப் பெயர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். சோதனைக்கு இது போதும்.

அடுத்து, இதே தேடலின் முடிவில் `AND systematic[sb]` என்று சேர்த்து இன்னொரு முறை தேடுங்கள். உங்கள் கேள்விக்கு யாராவது ஏற்கெனவே ரிவ்யூ எழுதியிருக்கிறார்களா என்பது தெரியும். ப்ராஸ்பெரோ பதிவேட்டிலும் பாருங்கள். எழுதப்பட்டுக்கொண்டிருப்பவை அங்கே இருக்கும்.

மூன்றாவது வேலையைத்தான் மாணவர்கள் செய்வதே இல்லை. கிடைத்தவற்றில் பொருத்தமான பத்துக் கட்டுரைகளை முழுமையாக இறக்கி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பத்தியைப் படியுங்கள்: "ஒழுங்காகச் சாப்பிட்டார்" என்பதை அவர்கள் எப்படி அளந்தார்கள் என்ற பத்தி. அதை ஒரு வரியில் நோட்டில் எழுதுங்கள். அந்தப் பத்து வரிகளையும் இங்கே போடுங்கள். தலைப்பை அதற்குப் பிறகு பேசுவோம்.

மண்டபம் | 6 ஜூன் 2025

நான் மருத்துவத் துறை அல்ல; குடிமைப் பொறியியலில் சுற்றுச்சூழல் பிரிவு. ஆனாலும் இந்த மூன்றாவது வேலையைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும்.

நிலத்தடி நீரிலிருந்து ஃப்ளூரைடை நீக்கும் மலிவான உறிஞ்சுபொருள்கள் என்பது எனக்குத் தரப்பட்ட ரிவ்யூ தலைப்பு. நூற்றுக்கணக்கான கட்டுரைகள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரு கிராம் பொருள் இத்தனை மில்லிகிராம் ஃப்ளூரைடை உறிஞ்சியது என்று ஓர் எண் இருந்தது. அந்த எண்களை வரிசைப்படுத்தினால் ரிவ்யூ முடிந்துவிடும் என்று குழுவில் எல்லோருமே நினைத்தோம். உட்கார்ந்து படித்தபோது, ஒருவர் லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஃப்ளூரைடு உள்ள நீரிலும் இன்னொருவர் 100 மில்லிகிராம் உள்ள நீரிலும் சோதித்திருந்தது தெரிந்தது. பி.எச். வேறு, பொருளின் அளவு வேறு. தொடக்கச் செறிவு கூடினாலே உறிஞ்சும் எண்ணும் கூடிவிடும் என்பதால், பெரிய எண் உள்ள பொருள்தான் சிறந்தது என்று சொல்ல முடியவில்லை. கட்டுரைகள் ஏராளமாக இருப்பது ஒரு தலைப்புக்குத் தகுதி ஆகாது. அவற்றில் உள்ள எண்கள் ஒரே பொருளைச் சொல்கின்றனவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எண்கணக்கு | 7 ஜூன் 2025

அதற்குத்தான் ரேண்டம் எஃபெக்ட்ஸ் என்ற கணக்கு முறை இருக்கிறது. ஆய்வுகள் ஒன்றுக்கொன்று வேறுபடும் என்று வைத்துக்கொண்டே அது கணக்கிடுகிறது. ஆய்வுகளுக்கிடையிலான வேறுபாட்டைக் காட்டும் I² எவ்வளவு என்று அறிவித்துவிட்டால் வாசகர் புரிந்துகொள்வார்.

வைகைக்கரை | 12 ஜூன் 2025

இரவுப் பணிக்கு இடையில் முடித்தேன். முதல் தேடலில் வந்தவற்றில் தலைப்பைப் பார்த்தே பெரும்பகுதியைத் தள்ளிவிட முடிந்தது. எஞ்சியவற்றில் முழுமையாகக் கிடைத்த பத்தில் அளவுமுறைகள் இவை. பல ஒரே மாதிரி இருப்பதால் சேர்த்து எழுதுகிறேன்.

சிலவற்றில் கர்ப்ப காலம் முழுவதும் நூறு மாத்திரைக்கு மேல் சாப்பிட்டதாகத் தாய் சொன்னால் "ஒழுங்கு". சிலவற்றில் 180. ஓரிரு கட்டுரைகளில் கடந்த ஒரு வாரத்தில் எத்தனை நாள் தவறவிட்டார் என்று கேட்டிருக்கிறார்கள். இன்னும் சிலவற்றில் கொடுத்த மாத்திரைகளில் 80 சதவீதத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் ஒழுங்கு என்று வைத்திருக்கிறார்கள். கொடுத்ததே முப்பது மாத்திரைதானா, முழு எண்ணிக்கையா என்று சொல்லவில்லை. ஒன்றில் காலி அட்டைகளை எண்ணியிருக்கிறார்கள். மூன்றாம் மாதத்தில் உள்ளவரையும் ஒன்பதாம் மாதத்தில் உள்ளவரையும் ஒரே பட்டியலில் வைத்த கட்டுரையும் உண்டு. மூன்றாம் மாதத்தில் இருப்பவர் எப்படி நூறு மாத்திரை சாப்பிட்டிருக்க முடியும்?

இன்னொன்று. பத்தில் மூன்று கட்டுரைகள் தேசியக் குடும்பநல ஆய்வின் அதே தரவை வெவ்வேறு விதமாக அலசியவை.

ஆலோசனை, குறுஞ்செய்தி நினைவூட்டல் போன்றவற்றைக் கொடுத்துப் பலன் பார்த்த இந்திய ஆய்வுகளையும் தனியாகத் தேடினேன். கிடைத்தவை மிகக் குறைவு. ஒவ்வொன்றும் வெவ்வேறு முயற்சி. தலைப்பே இல்லாமல் போய்விடுமோ என்று கவலையாக இருக்கிறது.

பழைய நூலகர் | 13 ஜூன் 2025

கவலைப்படத் தேவையில்லை. ஒரு தலைப்பைத் தேர்வதற்கு வேண்டிய எல்லாமே உங்கள் இந்தக் குறிப்பில் இருக்கிறது.

முதலில் எண்கணக்கு அவர்களுக்கு. 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 100 நாளுக்கு மேல் மாத்திரை சாப்பிட்ட தாய்மார்கள் 44.1 சதவீதம். 180 நாளுக்கு மேல் என்று கேட்டால் 26 சதவீதம். அதே ஆய்வு, அதே பெண்கள், அதே வாய்மொழி. வரம்பை மாற்றியதும் எண் பாதிக்கு அருகே இறங்கிவிடுகிறது. ஒரு கட்டுரை 44 என்றும் இன்னொன்று 26 என்றும் சொன்னால், இரண்டு ஊர்ப் பெண்களின் நடத்தை வேறுபடுகிறது என்று பொருளல்ல. கேட்ட கேள்வி வேறு. இவற்றைச் சேர்த்து 35 என்று ஒரு சராசரி எடுத்தால், அந்த 35 எந்தக் கேள்விக்கு விடை? ரேண்டம் எஃபெக்ட்ஸ் வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறதே தவிர, வேறு வேறு அளவுகளை ஒன்றாக்குவதில்லை.

வரம்பு இப்படி இரண்டாக இருப்பதற்கு வரலாறும் உண்டு. 2013இல் வந்த தேசிய இரும்புச்சத்துத் திட்டம் கர்ப்பிணிக்கு 100 மில்லிகிராம் இரும்பு உள்ள மாத்திரையை 100 நாள் என்றது. 2018இல் வந்த இரத்தசோகை ஒழிப்புத் திட்டம் 60 மில்லிகிராம் மாத்திரையை 180 நாள் என்றது. ஆக, 2015இல் நூறு மாத்திரை சாப்பிட்டு முடித்தவர் முழுமையாகச் சாப்பிட்டவர். 2020இல் அதே நூறோடு நிறுத்தியவர் பாதியில் விட்டவர். கட்டுரை எந்த ஆண்டில் வெளிவந்தது என்பதைக் காட்டிலும், தரவு எந்த ஆண்டில் திரட்டப்பட்டது என்பதே இங்கே முக்கியம்.

அந்த மூன்று கட்டுரைகளைப் பற்றி: ஒரே சுற்றின் தரவை மூவர் அலசினாலும் அது ஓர் ஆய்வுதான். மூன்றாகச் சேர்த்தால் அதே தாய்மார்களை மூன்று முறை எண்ணியதாகும். சுற்றுக்கு ஒன்று என்று விதி வைத்து, எதை எடுப்பீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள்.

எண்கணக்கு | 13 ஜூன் 2025

44, 26 உதாரணம் சரிதான். சேர்த்து ஒரே சராசரி எடுப்பதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் வரம்பு வாரியாகப் பிரித்துத் தனித்தனியே மெட்டா அனாலிசிஸ் செய்வதில் என்ன குறை? 100க்கு ஒரு தொகுப்பு, 180க்கு ஒரு தொகுப்பு. I² அதிகமாக இருக்கும் என்பதற்காகவே சேர்க்கக் கூடாது என்று சொல்வதும் தவறு. பரவல் விகித ஆய்வுகளில் அது பெரும்பாலும் 90ஐத் தாண்டித்தான் நிற்கும்.

பழைய நூலகர் | 14 ஜூன் 2025

I² பற்றி நீங்கள் சொன்னது சரி. பிரித்துச் செய்வதும் கொள்கையளவில் சரி. ஆனால் ஒரு தொகுப்புக்குள் என்ன நடக்கும் என்று பாருங்கள். வேறுபாடு மிகுதியாக இருக்கும்போது ரேண்டம் எஃபெக்ட்ஸ் எல்லா ஆய்வுகளுக்கும் ஏறக்குறைய சமமான எடையைக் கொடுத்துவிடும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களிடம் கேட்ட தேசிய ஆய்வும், ஒரு கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் இருநூறு பேரிடம் கேட்ட ஆய்வும் அந்தக் கணக்கில் அருகருகே நிற்கும். புறநோயாளர் பிரிவுக்குத் தவறாமல் வருகிறவர்கள் மாத்திரையையும் ஓரளவு தவறாமல் சாப்பிடுகிறவர்கள். அத்தகைய சிறு ஆய்வுகள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால், தொகுத்த எண் அவர்கள் பக்கமே சாயும். அந்த எண்ணைத் தேசத்தின் எண் என்று ஒரு மாணவி ஆய்வேட்டில் எழுதுவதை நான் விரும்பவில்லை.

எண்கணக்கு | 14 ஜூன் 2025

சமூக அளவிலான ஆய்வுகளையும் மருத்துவமனை ஆய்வுகளையும் தனித்தனியே பிரித்துவிட்டால் அந்தக் குறையும் தீரும். நான் என் கருத்திலேயே இருக்கிறேன். தொகுத்த எண் ஒன்றுகூட இல்லாத ஆய்வேட்டைப் பார்த்தால் தேர்வாளர்களில் சிலர் "இது வெறும் அட்டவணை" என்பார்கள். வாய்மொழித் தேர்வில் உட்காரப்போவது வைகைக்கரைதான்.

களத்துமேடு | 15 ஜூன் 2025

இப்போதுதான் என்ன செய்கிறீர்கள் என்று விளங்கியது. காலி அட்டை எண்ணிய கட்டுரையைப் பற்றி ஒன்று சொல்லலாமா?

நாங்கள் பார்வைக்குப் போகும்போது காலி அட்டையை எடுத்துவைக்கச் சொல்வோம். சில வீடுகளில் அட்டை காலியாகவே இருக்கும். மாத்திரை முழுவதும் பரணிலோ குப்பையிலோ கிடக்கும். செவிலியர் வரும் நாள் தெரியும் என்பதால் முந்தின நாளே பிரித்துவைத்துவிடுவார்கள். திட்டுவோம் என்ற பயம்தான். இன்னொரு பக்கம், உண்மையிலேயே சாப்பிட்டவர் அட்டையை அன்றன்றே எறிந்துவிட்டு, காட்ட ஒன்றுமில்லாமல் நிற்பார். மலத்தின் நிறத்தைக் கேட்டால் ஓரளவு தெரியும், ஆனால் அதுவும் கடந்த சில நாள் சாப்பிட்டாரா என்பதைத்தான் காட்டும்; ஐந்து மாதமாகச் சாப்பிட்டாரா என்பதைக் காட்டாது.

அதோடு, மாத்திரை கையிருப்பு இல்லாத மாதங்களும் உண்டு. அந்த மாதம் சாப்பிடாதது தாயின் தவறு இல்லை. கட்டுரைக்காரர்கள் அதைக் கேட்டிருக்கிறார்களா?

வைகைக்கரை | 15 ஜூன் 2025

பத்தில் இரண்டு கட்டுரைகள் மட்டுமே மாத்திரை கிடைத்ததா என்று தனியாகக் கேட்டிருக்கின்றன, அக்கா. மற்றவற்றில் கிடைக்காதவரும் சாப்பிடாதவரும் ஒரே கட்டத்தில் இருக்கிறார்கள்.

பழைய நூலகர் | 16 ஜூன் 2025

களத்துமேடு அம்மாவின் கடைசிக் கேள்வி ஒன்றே இந்தத் தலைப்பை எடுக்கப் போதுமான காரணம்.

மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, நினைவூட்டல், ஆலோசனை போன்ற முயற்சிகளின் பலன். ஆய்வுகள் மிகக் குறைவு, ஒன்றோடொன்று சேரா, வேண்டாம். இரண்டு, எத்தனை சதவீதம் பெண்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள் என்று எண்கணக்கு சொல்வது போல் பிரித்துத் தொகுப்பது. செய்யலாம், ஆனால் நான்கு பிரிவாகப் பிரித்த பிறகு ஒரு பிரிவில் மூன்று ஆய்வுகள்தான் நிற்கும் என்ற அபாயம் உண்டு. மூன்று, இந்திய ஆய்வுகள் மாத்திரை உட்கொள்ளலை எப்படி அளந்திருக்கின்றன, எந்த அளவுமுறையில் எந்த விகிதம் வருகிறது என்பதையே கேள்வியாக வைப்பது. நான் மூன்றாவதைச் சொல்கிறேன். முதல் இரண்டு வழிகளிலும் தடையாக இருந்த வேறுபாடு, இதில் நீங்கள் ஆராயும் பொருளாகவே ஆகிவிடுகிறது. தகுதி பெறும் ஒவ்வொரு கட்டுரையும் பயன்படும். எதுவும் சேரவில்லை என்று வீணாகாது. மெட்டா அனாலிசிஸ் இல்லாமல் முடிவுகளைத் தொகுத்து எழுதுவதற்கென்றே 2020இல் ஸ்விம் என்ற வழிகாட்டுதல் வந்திருக்கிறது. வாய்மொழித் தேர்வில் அதைக் காட்டலாம்.

ஒரு தடை உண்டு. ஒரு துறையில் என்னென்ன ஆய்வுகள் உள்ளன என்று மட்டும் காட்டும் ஸ்கோப்பிங் ரிவ்யூக்களை ப்ராஸ்பெரோ பதிவதில்லை. அளவுமுறை பற்றிய ரிவ்யூ என்றாலும் நோயாளிக்கு நேரடித் தொடர்புள்ள விளைவு ஒன்று இருக்க வேண்டும் என்று கேட்கும். விகிதத்தையும் சேர்த்தே கேள்வி அமைத்தால் ஏற்க வாய்ப்பு உண்டு. ஏற்காவிட்டால் திட்ட வரைவை ஓ.எஸ்.எஃப். தளத்தில் தேதியோடு பதிந்துவிடுங்கள். எங்கே பதிந்தாலும், கட்டுரைகளிலிருந்து தரவெடுக்கத் தொடங்கும் முன்பே பதிய வேண்டும்.

மண்டபம் | 16 ஜூன் 2025

நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2017இல் பி.எம்.ஜே. ஓப்பன் இதழில், ப்ராஸ்பெரோவில் பதிவான 195 ரிவ்யூக்களை வைத்து ஒரு கணக்கு வந்தது. பதிவு செய்த நாளிலிருந்து வெளிவரச் சராசரியாக 67 வாரம். சராசரியாக ஐந்து ஆசிரியர்கள். இவர் ஒருவர், கையில் இருப்பது ஏறக்குறைய 28 வாரம்.

பழைய நூலகர் | 17 ஜூன் 2025

அந்த 67 வாரத்தில் இதழ்கள் எடுத்துக்கொள்ளும் காலமும் அடக்கம். ஆய்வேட்டுக்கு அது வேண்டியதில்லை. மற்றபடி எச்சரிக்கை நியாயமானதே. சுருக்கம் ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால், ஆயிரம் சுருக்கங்களுக்குப் பதினேழு மணி நேரம். முழுக் கட்டுரை ஒன்றுக்கு அரை மணி, தரவெடுக்க இன்னொரு மணி. இறுதியில் முப்பது கட்டுரைகள் நிற்கும் தலைப்பு என்றால் வேலை பார்ப்பவரால் முடியும். நூறு நிற்கும் தலைப்பு முடியாது. ஐந்து நிற்கும் தலைப்பில் எழுத ஒன்றுமிராது.

கட்டுரைகள் கைக்குக் கிடைப்பதும் நேரக் கணக்கில் சேரும். உங்கள் பல்கலைக்கழகம் அரசு நிறுவனம் என்றால், 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் முப்பது பதிப்பகங்களின் இதழ்கள் கிடைக்கும். நூலகத்தில் உங்கள் கணக்கு திறக்கப்பட்டிருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். செப்டம்பரில் போய்க் கேட்க வேண்டாம்.

எண்கணக்கு | 17 ஜூன் 2025

இதில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். ஒருவரே எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தால் அதை சிஸ்டமேட்டிக் என்று அழைக்கக் கூடாது. இரண்டாவது ஆள் இல்லாமல் தொடங்காதீர்கள்.

பழைய நூலகர் | 17 ஜூன் 2025

கொள்கை சரி, அதற்குள் இடமும் இருக்கிறது. ரிவ்யூக்களின் தரத்தைப் பார்க்கும் ஆம்ஸ்டார் 2 கருவியே, இருவர் ஒரு மாதிரிப் பகுதியைத் தனித்தனியே தேர்ந்து, 80 சதவீதமாவது ஒத்துப்போன பிறகு மீதியை ஒருவர் தொடர்வதை ஏற்கிறது. வகுப்புத் தோழி ஒருவர் இருநூறு சுருக்கங்களைப் பார்த்துக் கொடுத்தால் போதும். ரய்யான் தளத்தில் இருவரும் ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல் தேர்வு செய்யலாம்.

எண்கணக்கு | 18 ஜூன் 2025

குறைந்தபட்சம் தரவெடுப்பதையாவது இருவர் செய்ய வேண்டும். "அளவுமுறை" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்பதில்தான் இருவர் வேறுபடுவார்கள். இந்த ரிவ்யூவின் உயிரே அந்தக் கட்டம்தான்.

வைகைக்கரை | 22 ஜூன் 2025

நெறியாளரிடம் பேசினேன். மூன்றாவது வழியை ஏற்றுக்கொண்டார். ஆனால் தேர்வாளர் பற்றி எண்கணக்கு ஐயா சொன்ன அதே தயக்கம் அவருக்கும் இருக்கிறது. 180 நாள் வரம்பில், சமூக அளவில் நடந்த ஆய்வுகள் போதுமான அளவு கிடைத்தால் அந்த ஒரு தொகுப்புக்கு மட்டும் மெட்டா அனாலிசிஸ் செய்யலாம் என்று திட்ட வரைவில் எழுதச் சொன்னார். "போதுமான" என்றால் எத்தனை என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. தோழி ஒருவர் தேர்வுக்கும் தரவெடுப்புக்கும் ஒப்புக்கொண்டிருக்கிறார். பதிலுக்கு அவருடைய ரிவ்யூவில் நான் இரண்டாவது ஆள்.

கேள்வி இப்போது இப்படி இருக்கிறது: "2013 முதல் இந்தியாவில் தரவு திரட்டிய ஆய்வுகள், கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்வதை எவ்வாறு அளந்துள்ளன, ஒவ்வோர் அளவுமுறையிலும் ஒழுங்காக உட்கொண்டோர் விகிதம் எவ்வளவு?" தரவெடுக்கும் படிவத்தில் உள்ள கட்டங்கள்: தரவு திரட்டிய ஆண்டு, இடம், எந்த மாதக் கர்ப்பத்தில் கேட்டார்கள் அல்லது பிரசவத்துக்குப் பின்னா, யார் கேட்டார்கள், வரம்பு, சரிபார்த்த முறை, மாத்திரை கிடைத்ததா என்று தனியாகக் கேட்டார்களா. தரச் சோதனைக்கு ஜே.பி.ஐ.யின் பரவல் ஆய்வுப் பட்டியல். அதில் ஒன்பது கேள்விகள்தான்.

களத்துமேடு | 22 ஜூன் 2025

"யார் கேட்டார்கள்" என்பதை இரண்டாகப் பிரியுங்கள், தங்கை. மாத்திரை கொடுத்த செவிலியரே வந்து கேட்டால் ஒரு பதில் வரும். கல்லூரியிலிருந்து வந்த வெளியாள் கேட்டால் வேறு பதில் வரும்.

பழைய நூலகர் | 23 ஜூன் 2025

களத்துமேடு அம்மா சொன்னதை அப்படியே சேர்த்துக்கொள்ளுங்கள்.

2013 என்ற எல்லையில் ஒரு சிக்கல். தேசியக் குடும்பநல ஆய்வின் நான்காம் சுற்று 2015-16இல் நடந்தாலும், முந்தைய ஐந்து ஆண்டுகளில் பிறந்த கடைசிக் குழந்தையைப் பற்றித்தான் தாயிடம் கேட்டார்கள். ஆகவே அந்தச் சுற்றில் 2010, 2011இல் கர்ப்பமாக இருந்தவர்களும் இருப்பார்கள். ஐந்தாம் சுற்றிலும் இதே போல 2018க்கு முன்னும் பின்னும் கர்ப்பமாக இருந்தவர்கள் கலந்திருக்கிறார்கள். "தரவு திரட்டிய ஆண்டு" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் "கர்ப்பம் நிகழ்ந்த காலம்" என்று இன்னொரு கட்டம் வேண்டும். கட்டுரையில் அது இல்லாவிட்டால் "குறிப்பிடவில்லை" என்று எழுதுங்கள். நீங்களாக ஊகித்து நிரப்ப வேண்டாம். படிவத்தை ஐந்து கட்டுரைகளில் நீங்களும் தோழியும் தனித்தனியே நிரப்பிப் பார்த்துவிட்டு, வேறுபட்ட இடங்களை இங்கே எழுதுங்கள்.